ஒரே மூச்சுக்கு எங்கள் பதில்

மருந்துக்கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவில் அந்தக் கிளினிக் இருந்தது. வாசலில் 'பேச்சு, மொழி, விழுங்கல் பயிற்சி மையம்' என்று ஒரு பலகை. விழுங்குவதற்குமா பயிற்சி என்று படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்து, ஒரு வாய்த் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிப் புரையேறி உயிர் போய்த் திரும்பும் நாளில் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். அப்புறம் அதே பலகையைத் தேடிக்கொண்டு வருவார்கள், பெரும்பாலும் தாமதமாக.

உள்ளே மூன்றே அறைகள். எல்லாம் மெதுவாக நடக்கும் இடம். பயிற்சி அறையில் கடிகாரம் கிடையாது. முதலில் இருந்ததாம். நோயாளிகள் வார்த்தைக்குத் திணறும்போது கண் கடிகாரத்துக்குப் போகிறது, கண் போனதும் வார்த்தையும் போய்விடுகிறது என்று பெரிய மேடம் அதைக் கழற்றிவிட்டார். பெரிய மேடம்தான் கிளினிக்கின் சொந்தக்காரர். அவரிடம் பல வருடமாக வேலை செய்கிற பயிற்சியாளர் சின்ன மேடம். தலையில் பாதி நரைத்துவிட்டது, ஆனாலும் அவள் சின்ன மேடம்தான். பெரிய மேடம் இருக்கிறவரை அவளுக்குப் பதவி உயர்வு இல்லை.

இவ்வளவு மெதுவான இடத்தில் வரவேற்பு மேசைக்கு வாய்த்தவள் ரேடியோ. இரண்டு பிள்ளைகளின் தாய், கிளினிக்கின் கணக்கு, டோக்கன், தொலைபேசி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாம் அவள் பொறுப்பு. வாய் ஓயவே ஓயாது. யார் வைத்த பெயரோ, ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளே தொலைபேசியை எடுத்து "ரேடியோ பேசுறேன்" என்று சொல்லிப் பெரிய மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

விஷயம் ஆரம்பித்தது ஒரு வங்கி குமாஸ்தாவால். திக்குவாய்க்காக வருகிறவர். ஒரு காலைப் பொழுதில் வந்து உட்கார்ந்தவர் பேசாமல் கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் ஒரு வீடியோ. ஒரு பேருந்து நடத்துநர் தன் வழித்தடத்தின் நிறுத்தங்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார். பின்னால் தடதடவென்று மேளம். கடைசி நிறுத்தத்தைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்குகிறார். கீழே #ஒரேமூச்சு. அடுத்த வீடியோவில் ஓட்டல்காரர் பட்டியலை ஒப்பிக்கிறார், அதற்கடுத்ததில் துணிக்கடைக்காரர். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. ஒருவர் முடித்ததும் தெரிந்தவர்கள் நாலு பேரைக் கோத்துவிட வேண்டும், அவர்களும் செய்ய வேண்டும். வங்கியில் எல்லோரும் செய்துவிட்டார்களாம். அடுத்து இவர் பெயரைக் கோத்திருக்கிறார்கள். கீழே சிரிக்கிற பொம்மை முகங்கள் வரிசையாக.

இவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அவர் அதைச் சொன்ன விதத்தை எழுத்து எழுத்தாக உடைத்து எழுதி வேடிக்கை காட்டுவதில் இந்தக் கதைக்கு விருப்பமில்லை. "கிண்டல் பண்ணணும்னு செய்யல மேடம், மறந்தே போயிட்டாங்க. அதான் இன்னும் வலிக்குது" என்று சொன்னார். சொல்லி முடிக்கும் வரை சின்ன மேடம் அசையாமல் கேட்டாள்.

அவர் போனதும் ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. "நாமளும் ஒண்ணு போடணும் மேடம். இந்த டிரெண்டுக்கு ஆயுசு மிஞ்சிப்போனா இந்த வாரம்தான். அடுத்த தெரு பல் ஆஸ்பத்திரிக்காரங்க வேர் சிகிச்சையிலேர்ந்து கிளிப்பு வரைக்கும் ஒரே மூச்சுல சொல்லி, நர்சுங்க எல்லாம் ஆடி, லட்சம் பேரு பாத்துட்டாங்க."

"நாம எதச் சொல்லுவோம்?" என்றார் பெரிய மேடம்.

"திக்குவாய், பக்கவாதம், குரல் கட்டு, காது கேக்காத புள்ளைங்க, விழுங்க முடியாதவங்க..."

"நாம என்ன ஓட்டலா நடத்துறோம்? சூடா என்ன இருக்குன்னு கேட்டு வருவாங்களா?"

ரேடியோ முகம் சுருங்கியது. ஆனால் பெரிய மேடம் அதோடு விடவில்லை. பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களைக் குடும்பங்கள் 'இனி அவ்வளவுதான்' என்று மூலையில் உட்காரவைத்துவிட்டுக் கடைசியில்தான் கூட்டிவருகிறார்கள் என்பது அவருக்குத் தீராத கோபம். லட்சம் பேர் பார்க்கிற இடத்தில் நாம் வாயை மூடிக்கொண்டிருப்பதும் சரியில்லை என்றார். அப்புறம் விரல் மடக்கிச் சொன்னார். நோயாளி முகம் கூடாது. பயிற்சிக்கு முன்னால் இப்படி, பின்னால் இப்படி என்று காட்டக் கூடாது. குணமாகிவிடும் என்ற வார்த்தை வரக் கூடாது. மேளம் கூடாது. வருகிற பின்னூட்டங்களைப் படித்துப் பார்த்துத்தான் வெளியே விட வேண்டும்.

"அப்ப மிச்சம் என்னதான் இருக்கு மேடம்? சுவரு?" என்றாள் ரேடியோ.

சின்ன மேடம்தான் சொன்னாள். "அவங்க பேசுறதக் காட்ட வேண்டாம். நாம கேக்குறதக் காட்டுவோம். எல்லாரும் ஒரே மூச்சுல நூறு வார்த்தை சொல்றாங்க. இங்க ஒரு வார்த்தைக்கு எத்தன மூச்சு வேணும்னாலும் எடுத்துக்கலாம். நாங்க உக்காந்திருப்போம்னு ஒரு முகம் காத்திருக்கிறத மட்டும் காட்டுனாப் போதும்."

ரேடியோகூட வாயை மூடிக்கொண்டாள், அது சாதாரண விஷயமில்லை.

அன்று மதியமே படம்பிடிக்க உட்கார்ந்தார்கள். முதலில் பெரிய மேடம். எதிரில் காலி நாற்காலி. கைப்பேசியை நிறுத்தி ரேடியோ "ம்" என்றதும் அவர் முகம் பாஸ்போர்ட் படத்துக்குப் போனதுபோல் இறுகிவிட்டது. "மேடம், கொஞ்சம் கனிவா." கனிவுக்கு முயன்றதில் இன்னும் மோசமாகிவிட்டது. அடுத்து சின்ன மேடம் உட்கார்ந்தாள். அவள் காத்திருந்தது தும்மலுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. காலி நாற்காலியைப் பார்த்து எப்படிக் காத்திருப்பது?

"எதிர்ல நிஜமா ஒரு ஆள் இருக்கணும் அக்கா" என்றாள் ரேடியோ. "நம்ம மாமா வெளியிலதான உக்காந்திருக்காரு?"

மாமா என்று அவள் சொன்னது சின்ன மேடத்தின் கணவரை. காய்கறி மொத்த விற்பனைச் சந்தையில் ஏலக்காரர். இருட்டு விலகுமுன் லாரிகள் வந்து நிற்கும் அந்தச் சந்தையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஒரு பெட்டிமேல் ஏறி நின்று அவர் விலை கூவினால், கேட்கிறவர்களுக்குத்தான் மூச்சு முட்டும். சின்ன மேடம் படித்து முடித்த புதிதில் அங்கே காய் வாங்கப் போனாள். "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, ஒண்ணுமே புரியல" என்றாள் கீழே நின்று. சந்தையே சிரித்தது. அவர் பெட்டியிலிருந்து இறங்கி, "சரிங்க டீச்சர்" என்றார். அன்றிலிருந்து அவள் அவருக்கு டீச்சர். கல்யாணத்துக்குப் பின்னும், பெண் பிறந்து வளர்ந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போன பின்னும், சண்டையிலும், சமாதானத்திலும் டீச்சர்தான்.

சந்தையில் அப்படிக் கத்துகிறவர் வீட்டில் கிசுகிசுப்பார். காலை முழுக்கக் கத்தித் தேய்ந்த தொண்டை மாலையில் அவ்வளவுதான் தரும். அடுக்களையில் நிற்கிற அவள் காதோரம் வந்து "டீச்சர், உப்புப் போட்டீங்களா?" என்று கேட்பார். சந்தையில் அவர் கூவிய வீடியோக்கள் எத்தனையோ பேரிடம் இருக்கின்றன. அந்த வீட்டுக் குரல் யாரிடமும் இல்லை. அதைப் பிடித்து வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. தினமும் கிடைப்பதை யார் பிடித்து வைக்கிறார்கள்?

போன மழைக்காலத்தில் பெட்டிமேல் நின்றபடியே அவர் சரிந்தார். இடது மூளையில் அடைப்பு. வலது கையும் காலும் ஓரளவு திரும்பின. பேச்சு திரும்பவில்லை. மற்றவர்கள் சொல்வது பெரும்பாலும் புரிந்தது. அவர் வாயிலிருந்து மட்டும் ஒரே ஒரு சொல்தான் வந்தது. "ரெண்டு தரம்." பசித்தாலும் ரெண்டு தரம், வலித்தாலும் ரெண்டு தரம், மகள் தொலைபேசியில் அழுதாலும் ரெண்டு தரம். ஆயிரமாயிரம் முறை கூவிய ஏலச் சொல் மட்டும் மூளையின் எந்த மூலையிலோ அழியாமல் நின்றுவிட்டது. இது இப்படித்தான் நடக்கும் என்று மற்றக் குடும்பங்களுக்கு அவளே எத்தனை முறை விளக்கியிருக்கிறாள்! பழக்கத்தில் ஊறிய சொல் முதலில் வரும், தேடிச் சொல்ல வேண்டிய சொல் கடைசியில் வரும், பெயர்கள் அதற்கும் கடைசி.

சொந்தக் கணவருக்குத் தானே பயிற்சி கொடுக்கக் கூடாது என்று பெரிய மேடம் அவரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பயிற்சி அறைக் கதவுக்கு வெளியே சின்ன மேடம் மற்ற மனைவிகளைப் போலவே உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்குப் போனதும் அவர் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவசரப்படுத்தாமல், முறைப்படி காத்திருப்பாள். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்ப்பார், உதட்டைக் கூட்டுவார், கண்ணைத் தாழ்த்திக்கொள்வார். ரேடியோவிடம் மட்டும் கதை வேறு. ஒருநாள் அவள், "அக்கா, மாமா இன்னைக்கு என்னப் பாத்து 'போடி'ன்னுட்டாரு!" என்று குதித்துக்கொண்டு வந்தாள். டோக்கனை வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்தாளாம். திட்டும் கிண்டலும் முதலில் வரும் என்பதும் சின்ன மேடத்துக்குப் பாடப் புத்தகத்தில் தெரிந்ததுதான். ஆனாலும் அந்தப் 'போடி' தனக்கு வரவில்லையே என்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வராமல் புரண்டாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் தன்னைக் கூப்பிட வேண்டும். ஒரு தடவை.

ஆக, அவரைக் கூட்டிவந்து எதிர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கைப்பேசி அவர் தோளுக்குப் பின்னால், அவள் முகத்தைப் பார்த்தபடி.

"மாமா, அக்காவப் படம் பிடிக்கிறோம். உங்க முகம் வராது. போட்டுக்கலாமா? சரியா?" என்றாள் ரேடியோ.

அவர் தலையாட்டினார். "ரெண்டு தரம்."

"சரின்னுட்டாரு!"

பேச்சு இழந்தவரின் தலையாட்டலை நம்பக் கூடாது என்பது இந்தக் கிளினிக்கின் பாலபாடம். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தலை ஒரேமாதிரி ஆடலாம். அதற்காக ஒரு முறையையே எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தவள் சின்ன மேடம். அன்று அவள் சுவரைப் பார்க்கவில்லை. அவர் எதிரில் இருந்தார், அவர் பேச முயலப் போகிறார், ஒருவேளை இந்த முறை வந்துவிடலாம். அவளுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

"என்னக் கூப்பிடுங்க" என்றாள்.

அவர் பார்த்தார். மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ வண்டியைத் திருப்பினார்கள். அவர் உதடு குவிந்து பிரிந்தது. அவள் காத்திருந்தாள். அவர் கண் தாழ்ந்தது. "ரெண்டு தரம்" என்றார், அவளிடம் மன்னிப்புக் கேட்பதுபோல.

படத்தை ஓட்டிப் பார்த்த ரேடியோ அழுதேவிட்டாள். "அக்கா, கல்லும் கரைஞ்சிடும். பல் ஆஸ்பத்திரியெல்லாம் பக்கத்துலயே நிக்க முடியாது." சின்ன மேடம் பார்க்கவில்லை. தன் முகத்தைத் தானே பார்க்க அவளுக்குக் கூச்சம். நன்றாக வந்திருந்தால் போட்டுவிடு என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போனாள்.

பெரிய மேடம் படத்தை ஒருமுறை பார்த்தார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"அவர் குரல் இதுல இருக்கே. அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம், தலையாட்டினாரு."

பெரிய மேடம் ரேடியோவை ஒன்றும் சொல்லவில்லை. சின்ன மேடத்தைத்தான் பார்த்தார். வருகிற குடும்பங்களிடம் காட்டாத கண்டிப்பு அந்தப் பார்வையில் இருந்தது. "வேற யாரு செஞ்சிருந்தாலும் நீ விட்டிருப்பியா?" என்றார்.

மறுநாள் முறைப்படி கேட்டார்கள். ஒரு அட்டையில் 'வேணும்', பக்கத்தில் ஒரு சரிக் குறி. இன்னொன்றில் 'வேணாம்', பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. முதலில் படத்தை அவருக்கே காட்ட வேண்டும். என்ன கேட்கிறோம் என்று தெரியாமல் யாராலும் சம்மதம் சொல்ல முடியாது. பெரிய மேடம் கைப்பேசியை அவர் முன்னால் நிறுத்தினார். சின்ன மேடம் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். வேறு இடமில்லை, அதனால் அவளும் பார்க்க வேண்டியதாயிற்று.

திரையில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். மற்றவர்களின் மனைவிகள், அம்மாக்கள் என்று அந்த முகத்தை இதே அறையில் எத்தனையோ முறை பார்த்து, தனியே அழைத்துப் போய்ப் புத்தி சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்ணின் புருவம் மேலே ஏறியிருந்தது. உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது. கண் கெஞ்சியது. அவர் உதட்டைக் கூட்டும் முன்னே அவள் உதடு 'டீச்சர்' என்ற சொல்லுக்கு விரிந்து நின்றது. அவர் சொல்ல வேண்டியதைத் தன் வாயில் ஏற்கெனவே வைத்துக்கொண்டு, இந்தா எடுத்துக்கொள் என்று நீட்டியது. அவர் கண் தாழ்ந்ததும் அந்த முகம் ஒரு நொடி விழுந்தது. உடனே சிரித்துச் சமாளித்தது. அந்த விழுந்த நொடிதான் கொடுமை.

இதையா மாதக்கணக்கில் தினமும் இவர் எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்?

அவர் வாய் திறக்கும்போதெல்லாம் தோற்கப்போவதை முன்கூட்டியே காட்டுகிற ஒரு முகம். இந்த முகத்துக்கு எதிரில் யாரால் பேச முடியும்? ரேடியோவிடம் 'போடி' வந்தது ஏன் என்று இப்போது புரிந்தது. ரேடியோ எதற்கும் காத்திருக்கவில்லை. டோக்கனை மாற்றிக் கொடுத்துவிட்டுத் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

படம் முடிந்தது. அவர் இடது கையை நீட்டிக் கைப்பேசியை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

"இத எல்லாரும் பாக்கப் போடலாமா?" என்று பெரிய மேடம் அட்டைகளை வைத்தார். அவர் விரல் 'வேணாம்' மேல் போனது. பெரிய மேடம் அட்டைகளை இடம் மாற்றி வைத்துக் கேள்வியையும் திருப்பினார். "இத யாருக்கும் காட்டாம அழிச்சிடலாம். அப்படி அழிக்கிறது வேணுமா, வேணாமா?" விரல் தயங்காமல் 'வேணும்' மேல் போனது.

"நாளைக்கு ஒருதடவ கேக்கணுமா மேடம்?" ரேடியோவுக்கு ஆசை விடவில்லை.

"வேணும்னு சொன்னாத்தான் இன்னொரு நாள் கேக்கணும். வேணாம்னா ஒரு தடவையே போதும்." பெரிய மேடம் அவர் கண் முன்னாலேயே படத்தை அழித்துக் காட்டினார்.

சின்ன மேடம் கை கழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவருடைய கைக்கும் விரலுக்கும் என்மேல் இத்தனை தெளிவான ஒரு 'வேணாம்' இருந்திருக்கிறதே என்று அழுதாள். அது படத்துக்குச் சொன்ன வேணாம்தான் என்று அறிவுக்குத் தெரிந்தது. அறிவு அங்கே யாருக்கு வேண்டும்?

டிரெண்டு மங்கத் தொடங்கியிருந்தது. ரேடியோ கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கடைசியில் பெரிய மேடமே வந்து உட்கார்ந்தார். "கனிவெல்லாம் வராது. நான் எப்படிக் கேப்பேனோ அப்படி உக்காருறேன். எடு." எதிரில் ரேடியோவையே உட்காரச் சொன்னார். கைப்பேசியைச் சின்ன மேடம் பிடித்தாள். ரேடியோவிடம் அவர், "உன் புள்ளைங்களப் பத்தி மனசுல நெனச்சுக்கோ. ஒரு வார்த்த சொல்லணும்னு தோணும்போது சொல்லு. தோணலைன்னா சொல்லாத" என்றார். ரேடியோ வாய் திறக்கவில்லை. பெரிய மேடத்தின் கை மடியில் கிடந்தது. உதடு அசையவில்லை. கண் அவளை விட்டு நகரவும் இல்லை, அவளைப் பிடித்து இழுக்கவும் இல்லை. பாஸ்போர்ட் முகமேதான். ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் ஒருவர் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். பயமில்லை.

மேளம் போடவில்லை, மின்விசிறிச் சத்தத்தை மட்டும் விட்டார்கள். எழுத்தில் இரண்டே வரி. 'ஒரே மூச்சில் சொல்லத் தேவையில்லை. எத்தனை மூச்சு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் கேட்கிறோம்.' அடுத்து, பக்கவாதத்துக்குப் பின் பேச்சுக்கும் பயிற்சி உண்டு, தள்ளிப்போடாதீர்கள் என்று சின்ன எழுத்தில். கீழே #ஒரேமூச்சு. யாரையும் கோத்துவிடவில்லை.

லட்சமெல்லாம் பார்க்கவில்லை. பல் ஆஸ்பத்திரி நிம்மதியாகத் தூங்கியது. ஆனால் வங்கி குமாஸ்தா அதைத் தன் அலுவலகக் குழுவில் தானே பகிர்ந்தார், ஒரு வார்த்தையும் சேர்க்காமல். வங்கி மேலாளர் தன் வீடியோவை நீக்கிவிட்டாராம். 'என் அப்பாவை ஒரு வருஷமா வீட்டிலேயே வச்சிருக்கோம், கூட்டிட்டு வரலாமா?' என்று யாரோ கேட்டிருந்தார்கள். அதற்குப் பெரிய மேடமே ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பதில் எழுதினார்.

அன்று மாலை சின்ன மேடமும் ஏலக்காரரும் வழக்கம்போல் பேருந்தில் வீடு திரும்பினார்கள். அவர் சன்னலோரம், அவள் அவருடைய இடது பக்கம், நல்ல கைப் பக்கம். கூட்டம் அதிகமில்லை. வெளியே கடைகளில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். இனி அவர் முகத்தைப் பார்த்து உட்காருவதில்லை என்று அவள் மனதுக்குள் தீர்மானம் போட்டிருந்தாள். தீர்மானம் இரண்டு நிறுத்தம்கூடத் தாங்கவில்லை. தன்னை அறியாமல் அவர் பக்கம் திரும்பிவிட்டாள். புருவம் ஏறுவது அவளுக்கே தெரிந்தது. இறக்கத் தெரியவில்லை. ஆசையை முகத்திலிருந்து எப்படி இறக்குவது என்று அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"நான் என்ன செய்யட்டும்?" என்றாள். "கேக்கணும்போல இருக்கு. அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி அவள் முகவாயில் வைத்தார். கோபமாக இல்லை. மெல்ல, ஆனால் உறுதியாக, அவள் முகத்தை முன்பக்கம் திருப்பினார். திருப்பிவிட்டுக் கையை எடுக்கவில்லை. கன்னத்தோடு வைத்தே இருந்தார், திரும்பாதே என்பதுபோல.

அவளுக்கு முன்னால் ஓர் இருக்கையின் முதுகு. யாரோ ஆணியால் கீறிய கோடுகள். அவள் அதையே பார்த்தாள்.

பேருந்து நின்றது, புறப்பட்டது. காதருகில் மூச்சு இழுபட்டது. உதடு ஒட்டிப் பிரிகிற சிறு சத்தம்.

"ப..."

அவளிடம் இதுவரை வராத ஒலி. 'ரெண்டு தரம்' என்பதில் இல்லாத ஒலி. அவள் உடம்பு முழுக்க அந்த ஒலிக்குத் தாவியது. பசியா? பஸ்ஸா? பொண்ணு பேரா? அவளைக் கூப்பிடுகிற சொல் இல்லை, அது மட்டும் நிச்சயம். அவள் எடுத்துக் கொடுத்தால் அரை நொடியில் முடிந்துவிடும். நாக்கைப் பல்லுக்கடியில் வைத்துக் கடித்துக்கொண்டாள். இருக்கை முதுகில் இருந்த கோடுகளைப் பார்த்தாள்.

"ப... ப..."

மூச்சு. இன்னொரு மூச்சு.

"பயம்" என்றார்.

அவ்வளவு தெளிவாக. பெட்டிமேல் ஏறி நின்று ஊரையே விலை பேசிய மனிதர், கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூடச் சொல்லாத சொல். சரிந்து விழுந்த நாளிலிருந்து தினமும் அவள் அவர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து 'என்னைக் கூப்பிடு, என்னைக் கூப்பிடு' என்று முகத்தால் கேட்டுக்கொண்டிருந்தாள். இவருக்குச் சொல்ல வேறு ஒன்று இருந்திருக்கிறது. இத்தனை நாளும் அதைச் சொல்ல இவருக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.

திரும்பி அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. திரும்பவில்லை. கண்ணீர் வழிந்து அவர் விரலில் இறங்கியது. துடைக்கவும் இல்லை.

"எனக்கும்" என்றாள், முன்பக்கம் பார்த்தபடியே.

அவர் மறுபடி மூச்சை இழுத்தார். இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, நடத்துநர் குரல் கொடுத்தார். அவள் எழுந்திருக்கவில்லை.